மெசின் பழுதானால் சம்பளத்தில் வெட்டலாமா?

காலபோக அறுவடை தொடங்கினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வயல்களில் அறுவடை மெசின்கள் இரவு பகலாக ஓடும். அந்த நாட்களில்தான் இந்தப் பிரச்சினையும் வரும். மெசின் பழுதாகிறது, முதலாளி ஓட்டுநரைக் குற்றம் சொல்கிறார், அடுத்த மாதச் சம்பளத்தில் காசு குறைகிறது. "திருத்தின காசு கட்டி முடியுமட்டும் முழுச் சம்பளம் இல்லை" என்ற ஒரு வார்த்தையோடு பல இடங்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. சட்டத்தில் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

ஓர் உதாரணம். ஓர் அரிசி ஆலை நிறுவனம் அறுவடை மெசினையும் வாடகைக்கு விடுகிறது. ஓட்டுநர் ஆறு வருடமாக வேலை செய்கிறார், சம்பளம் மாதம் 48,000 ரூபா. ஒரு மத்தியானம் றேடியேற்றரின் வலையில் கூளம் அடைத்து எஞ்சின் சூடேறுகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தும், அந்த வயலை முடித்துவிடலாம் என்று அவர் ஓட்டுகிறார். எஞ்சின் ஹெட் வெடிக்கிறது. நிறுவனம் 320,000 ரூபா பில்லைக் காட்டி, மாதம் 20,000 வெட்டுவோம் என்கிறது.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தொழிலானாலும், கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் வேலையானாலும், முதலாளி தன் எண்ணப்படி சம்பளத்தில் கை வைக்க முடியாது. அந்தக் கழிவு சட்டம் அனுமதித்த வகையாக இருக்க வேண்டும், தொழிலாளியும் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். கழிவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரை போகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆகவே "நீதான் பழுதாக்கினாய்" என்று முதலாளியே தீர்ப்புச் சொல்லி, அவரே தொகையை நிர்ணயித்து, அவரே வெட்டிக்கொள்ள வழியில்லை. சேதம் உண்மையாகவே ஓட்டுநரின் கவலையீனத்தால் வந்திருந்தாலும் இதே நிலைதான்.

சம்மதம் என்பதில்தான் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். சம்பள நாளன்று ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்து வைத்தால்தான் காசு என்று சொல்வார்கள். அந்தத் தாளில் முழுத் தவறும் என்னுடையது, முழுத் தொகையையும் ஏற்கிறேன் என்று எழுதியிருக்கும். அதில் கையெழுத்து வைத்தால், சம்பளக் கழிவுக்கு மட்டுமல்ல, பின்னால் வழக்கு வந்தாலும் அந்தத் தாள் உங்களுக்கு எதிராக நிற்கும். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ ஒருபோதும் கையெழுத்து வைக்க வேண்டாம். ஏற்கனவே நெருக்கடியில் வைத்துவிட்டால், நடந்ததைத் திகதியோடு எழுதி, சம்மதத்தை மீளப்பெறுவதாக நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்திருங்கள்.

அப்படியென்றால் முதலாளிக்கு வழியே இல்லையா? உண்டு. ஊழியர் தன் வேலையில் நியாயமான கவனம் எடுக்கக் கடமைப்பட்டவர். அதை மீறி இழப்பு ஏற்படுத்தினால் முதலாளி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. கவலையீனம் நடந்தது, அதனால்தான் சேதம் வந்தது, இழப்பு இவ்வளவு என்ற மூன்றையும் அவர் காட்ட வேண்டும்.

நம் உதாரணத்தில் மூன்றாவதை முதலில் பாருங்கள். 320,000 ரூபா பில்லைப் பிரித்தால் ஹெட் வேலைக்கு 140,000. மிச்சம் 180,000 பட்டி, வெட்டுத் தகடு, சங்கிலித் தடம் என்று தேய்ந்த சாமான்களை அதே நேரத்தில் மாற்றியதற்கானது. அவை எப்படியும் மாற்ற வேண்டியவை, அன்றைய தவறால் வந்தவை அல்ல. இப்படிப் பில்லைக் கலப்பது மிகவும் சாதாரணம். அதனால் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், மெக்கானிக்கின் விவரப் பட்டியலைக் கேளுங்கள். காப்புறுதி ஏதும் கிடைத்ததா என்றும் கேளுங்கள். மறுபக்கம், மெசின் நின்ற நாட்களின் வாடகை இழப்பைப் பதிவுகளோடு காட்டினால் முதலாளி அதையும் கோரலாம்.

அடுத்தது தவறு யாருடையது என்பது. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஓட்டியது ஓட்டுநரின் தவறு, அதை மறைக்க முடியாது. ஆனால் வலையைத் துப்புரவாக்க இடைவேளை கொடுக்காமல், அதிகாலையிலிருந்து ஓட விட்டு, "இண்டைக்கு இந்தக் காணி முடியவேணும்" என்று தொலைபேசியில் அழுத்தியது நிறுவனம். முறிந்த பாதுகாப்பு வலையை மாற்றும்படி முன்னமே சொல்லியும் மாற்றவில்லை என்றால் அதுவும் நிறுவனத்தின் பங்கு. இரு பக்கத் தவறையும் நீதிமன்றம் எடைபோட்டு நட்டஈட்டைக் குறைக்கலாம். இருவரும் சரிபாதி என்று வைத்தால், ஹெட் வேலையில் ஓட்டுநரின் பங்கு 70,000 ரூபாதான். அதனால் அந்தத் தொலைபேசிச் செய்திகளையும், பழுது பற்றி முன்பு அறிவித்த குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள்.

இனிப் பணிக்கொடை. இதில்தான் நிறுவனங்கள் அதிகமாக வரம்பு மீறுகின்றன. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைந்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேரும். நம் ஓட்டுநருக்கு 24,000 ரூபா வீதம் ஆறு வருடத்துக்கு 144,000.

இதை இழப்பதற்கு அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு காரணங்களைச் சொல்லியிருக்கிறது. மோசடி, முதலாளியின் பணத்தைக் கையாடல், முதலாளியின் சொத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தல், பொருட்களோ சொத்தோ இழக்கப்படச் செய்தல் என்பவையே அவை. சேதம் என்ற சொல்லுக்கு முன்னால் "வேண்டுமென்றே" நிற்பதைக் கவனியுங்கள். கவலையீனமாக எஞ்சினைச் சூடாக்கியது வேறு, கோபத்தில் எஞ்சினை உடைத்தது வேறு. இரண்டாவதுதான் அந்தச் சொற்களுக்குள் நேராக வருகிறது. "சொத்து இழப்பு" என்ற சொல்லைப் பிடித்து முதலாளி வாதாடக்கூடும். ஆனால் திருத்தி மறுபடி ஓடுகிற மெசினை இழந்த சொத்து என்று நிலைநாட்டுவது சுலபமல்ல என்பது என் கருத்து.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கே அந்தப் பிரிவு பொருந்தும், தானாக விலகியவருக்கு அல்ல. பொருந்தினாலும் பறிக்கக்கூடியது ஏற்பட்ட இழப்பின் அளவுக்கு மட்டுமே. மிச்சம் இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடை செலுத்தப்படாவிட்டால் மேலதிகத் தொகையும் சேரும், தாமதம் கூடக் கூட அதன் வீதமும் ஏறும்.

ஊழியர் சேமலாப நிதியில் இருக்கும் காசை நிறுவனம் தொடவே முடியாது. தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் தொழிலாளியின் பெயரில் இருப்பவை. நட்டஈட்டுக்காகப் பங்களிப்புக் கட்டாமல் நிறுத்துவதும் சட்டமீறல்தான்.

சம்பளத்தில் அனுமதியின்றி வெட்டியிருந்தால், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று ஆகியவற்றின் பிரதிகளோடு மாவட்டத் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறையிடுங்கள். தொழில் அலுவலர் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார். வேலையிலிருந்து நீக்கிவிட்டால், நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய மன்றில் விண்ணப்பிக்க வேண்டும். "ராஜினாமா எழுதித் தந்தால் நட்டக் காசைக் கேட்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால், எழுத முன் இதை யோசியுங்கள்: நீக்கப்பட்டவர்தான் அந்த மன்றில் நீக்கம் அநியாயம் என்று கேட்க முடியும், தானாக எழுதிக் கொடுத்தவர் அந்த வழியைத் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிறார்.