பேட்டரித் தொழிலாளருக்குக் குழந்தை வேண்டும் என்றால்: காரீயப் பரிசோதனை குறித்துச் சட்டம் தரும் உரிமைகள்

பழைய பேட்டரியை உடைப்பவர்கள், பிளேட்டுக்குப் பசை பூசுபவர்கள், உலையில் உருக்கி வார்ப்பவர்கள் ஆகியோரின் உடலில் காரீயம் சேர்கிறது. பட்டறையில் இதை ஈயம் என்றே சொல்வார்கள். இரத்தசோகை, வயிற்றுவலி, மணிக்கட்டுத் தளர்ச்சி ஆகியவை பல ஆண்டுகளாக அறியப்பட்ட விளைவுகள். பலர் கேட்கத் தயங்கும் விளைவு ஒன்றும் உண்டு: ஆண்களுக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் குறைகின்றன, பெண்களுக்குக் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு கூடுகிறது. திருமணமாகிச் சில ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாத தம்பதியில் மனைவிக்கு மட்டும் சோதனைமேல் சோதனை செய்துகொண்டிருக்கும்போது, கணவர் செய்யும் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தொழிலகங்களை ஆண்டுவந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தின் கீழ் மாநில அரசு இயற்றிய விதிகள், புதியவற்றோடு முரண்படாத அளவுக்கு, மாற்று விதிகள் வரும்வரை தொடர்கின்றன. காரீயத்தைக் கையாளும் வேலை அபாயகரமான செயல்முறையாகக் கருதப்படுவதால், நிர்வாகத்தின் மீது கூடுதல் பொறுப்பு விழுகிறது. பழைய சட்டத்தின் 41சி பிரிவு, தொழிலாளியை இந்த வேலையில் அமர்த்துவதற்கு முன்பும், அதில் இருக்கும்போது 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும், விட்டு விலகிய பிறகும் மருத்துவப் பரிசோதனை செய்யச் சொன்னது. மருத்துவப் பதிவேட்டைப் பேணித் தொழிலாளிக்குக் காட்ட வேண்டிய கடமையைப் புதிய சட்டத்தின் 85ஆம் பிரிவும் கூறுகிறது. எனவே உங்கள் பரிசோதனை முடிவு உங்களுக்கு உரியது. கேட்டால் தர வேண்டும்.

என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. "உடல்தகுதி உண்டு" என்று ஒரு வரி எழுதிய சான்றிதழ் குழந்தைப்பேறு பற்றி ஒன்றும் சொல்லாது. இரத்தத்தில் உள்ள காரீயத்தின் அளவை எண்ணாக, ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதித் தரும்படி கேட்க வேண்டும். இரத்தம் நரம்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும். விரல்நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூளே எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். வேலை முடிந்து நேராக வந்து மாதிரி கொடுப்பதைவிட, குளித்து மாற்றுடை அணிந்து வருவது நல்லது.

எண் வந்த பிறகு எதோடு ஒப்பிடுவது? அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுக் காரீய விதிமுறை, குழந்தை பெற விரும்பும் ஆணும் பெண்ணும் இரத்தக் காரீயத்தை 30க்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. தொழிலாளி கேட்டால் மருத்துவப் பரிசோதனையில் ஆண் கருவளச் சோதனையையும் சேர்க்க வேண்டும் என்கிறது. நமது 1948 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை காற்றில் கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் வரை அனுமதித்தது. அமெரிக்க விதிமுறையின் வரம்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, 0.05. ஆகையால் "எங்கள் ஆலையில் காற்று வரம்புக்குள்தான் இருக்கிறது" என்ற பதிலோடு நிறைவடைந்துவிடக் கூடாது. 30 என்பதும் முழுப் பாதுகாப்பு எல்லை அன்று. கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் இதைவிடக் குறைந்த அளவே குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

எண்களை விளக்குவதற்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளாகப் பேட்டரி உடைக்கும் ஒருவருக்கு அளவு 46 என்று வருகிறது. உடைக்கும் பிரிவிலிருந்து பொதிகட்டும் பிரிவுக்கு மாற்றும்படி எழுத்தில் கேட்கிறார். இரத்தத்தில் உள்ள காரீயம் பாதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகும் என்பதால், மூன்று மாதத்தில் 6 ஆகிவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். அப்படி இறங்காது. எலும்பில் பல ஆண்டுகளாகப் படிந்தது மெல்லக் கரைந்து இரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் கழித்து 28 என்று வந்தாலே வேலைமாற்றம் பலன் தருகிறது என்று கொள்ளலாம். 43 என்று வந்தால், கை, உடை, வீடு என்று வேறு எங்கோ வழி திறந்திருக்கிறது. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஆகவே அளவு இறங்கிய பிறகு மேலும் மூன்று மாதம் பொறுத்தே விந்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதில் பொருள் உண்டு.

காரீயம் உடலுக்குள் நுழையும் வழிகளுள் முதன்மையானது கையும் வாயும். உணவு இடைவேளையில் சட்டையின் கைமடிப்பை விரித்தால் சாம்பல்நிறத் தூள் கொட்டுவதைக் காணலாம். அதே கையால் பீடியை எடுத்து உதட்டில் வைத்தால் தூள் நேரே உள்ளே போகிறது. எனவே வேலையிடத்தில் சாப்பிடுவதும் புகைப்பதும் கூடாது; கழுவுமிடமும் தனி உணவறையும் தருவது நிர்வாகத்தின் கடமை. தரையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கினால் தூள் மறுபடி மூச்சுமட்டத்துக்கு எழும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலைக்கு மேல் புகையை உறிஞ்சும் கூண்டு இருக்க வேண்டும். அது இழுக்கிறதா என்பதை ஊதுபத்திப் புகையை அருகில் காட்டியே பார்த்துக்கொள்ளலாம். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் காரீயப் புகையைத் தடுக்கா. வடிகட்டியுள்ள ரப்பர் முகக்கவசம் தேவை, அதுவும் தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வேலை உடையை ஆலையிலேயே விட்டு, குளித்த பின்னரே வீடு திரும்ப வேண்டும். அதை வீட்டில் துவைக்கும் மனைவிக்கும் தவழும் குழந்தைக்கும் காரீயம் போய்ச் சேர்வதுண்டு.

பெண்களைப் பொறுத்தவரை, காரீய வேலைகளில் பெண்களை அமர்த்தக் கூடாது என்றே பழைய விதிகள் கூறின. புதிய சட்டத்தின் 43, 44ஆம் பிரிவுகள் எல்லா வேலைகளிலும் அவர்களுக்கு இடம் தந்து, அபாயகரமான வேலையானால் முன்கூட்டியே தக்க பாதுகாப்பு அளிக்கும்படி அரசு கட்டளையிட வழி செய்கின்றன. ஆனால் மகப்பேற்றுச் சட்டத்தில் கடின வேலையிலிருந்து விலக்குக் கோரும் உரிமை பேறுகாலத்தை ஒட்டிய வாரங்களுக்கே உரியது. காரீயமோ கருவுறுவதற்கு முன்பே எலும்பில் சேர்ந்துவிடுகிறது. ஆகையால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, கர்ப்பம் உறுதியாகும்வரை காத்திராமல், வேலைமாற்றம் கேட்பது அவசியம்.

காரீய நச்சு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய் ஆகும். கண்டறியும் மருத்துவரும் நிர்வாகமும் அதைத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் நீங்களும் புகார் தரலாம்; தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தில் பதிவு பெற்றவர்கள் அதன் மருத்துவமனையில் சோதனை கோரலாம். இழப்பீட்டு அட்டவணையில் மலட்டுத்தன்மை தனியாக இல்லை. காரீயத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள்தாம் உள்ளன. எனவே கோரிக்கையில் இரத்தக் காரீய எண்களையும், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அந்த வேலையில் இருந்ததற்கான சான்றையும், விந்துப் பரிசோதனை முடிவையும், இவை தொடர்புடையவை என்று மருத்துவர் எழுதிய குறிப்பையும் சேர்த்தே வைக்க வேண்டும்.