கோர்ட்டு தீர்ப்ப சட்டம் போட்டு அடிச்சிட முடியுமா? முல்லைப்பெரியாறு கேஸ் சொல்ற பதில்

"ஜெயிச்சு என்ன சார் பண்ண, நாளைக்கே ஒரு சட்டத்த போட்டு மாத்திருவாங்கள்ல?" தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கம் இருந்து கேஸ் விஷயமா வர்ற கட்சிக்காரங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. பாதி சரிதான், ஆனா மீதி பாதி தெரியாததாலயே நெறைய பேரு நல்ல கேஸ நடுவுல விட்டுட்டு போயிடுறாங்க.

இதுக்கு நம்ம வைகை தண்ணியே உதாரணம். முல்லைப்பெரியாறுல தேக்குற தண்ணி மலைக்குள்ள குடைஞ்ச சுரங்கம் வழியா தேனி பக்கம் வந்து வைகையில சேருது, அது மதுரை, சிவகங்கை தாண்டி நம்ம ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் வரணும், கடைசி மாவட்டம் நாமதான், மேல ஒரு அடி கொறஞ்சா நமக்குத்தான் மொதல்ல தெரியும். 152 அடி தேக்குற அணை அது. பாதுகாப்பு பயத்துனால 1979ல 136 அடியா கொறச்சாங்க. பலப்படுத்துற வேலைகள் நடந்துச்சு, அப்பறம் நிபுணர் குழு பாத்து 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு சொல்ல, 2006 பிப்ரவரி 27ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே தீர்ப்பா குடுத்துச்சு.

மூணு வாரம்கூட ஆகல. மார்ச் மாசமே கேரள சட்டசபை அவங்க பாசன சட்டத்த திருத்தி, ஆபத்தான அணைகள்னு ஒரு பட்டியல் போட்டு, முல்லைப்பெரியாறுக்கு 136 அடிக்கு மேல கூடாதுன்னு எழுதிட்டாங்க. தமிழ்நாடு அரசு அரசியலமைப்பு 131வது பிரிவுல நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு, ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல வழக்குன்னா அங்கதான் போகணும்.

கேரளா சொன்ன வாதத்த லேசா எடுத்துக்க முடியாது. அணைக்கு கீழ இருக்குற ஜனங்களோட உயிரு, பாசனமும் அணையும் மாநிலத்தோட அதிகாரம், வரப்போற ஆபத்த முன்னாடியே தடுக்கத்தான் சட்டம் போட்டோம்னு சொன்னாங்க. அந்த பயம் நெசமான பயம்தான். ஆனா 2014 மே 7ல அஞ்சு நீதிபதிங்க சேந்து சொன்னது வேற விஷயம். அணை 142 அடிய தாங்குமா தாங்காதாங்கிறது உண்மை நிலவரம் பத்துன கேள்வி, ரெண்டு பக்க சாட்சியத்தயும் பாத்து கோர்ட்டு ஏற்கனவே முடிவு பண்ணின ஒண்ணு, அதே கேள்விக்கு சட்டசபை உக்காந்து தன் பாட்டுக்கு வேற பதில் எழுதுனா அது சட்டம் போடுற வேலை இல்ல, தீர்ப்பு சொல்ற வேலை. அதனால அந்த சட்டம் முல்லைப்பெரியாறு விஷயத்துல செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த வருஷம் நவம்பர்லயே தண்ணி 142 அடிய தொட்டுச்சு.

அதிகாரப் பிரிவினைன்னு ஒரே வரியா நம்ம அரசியலமைப்புல எங்கயும் எழுதல. 50வது பிரிவுல நிர்வாகத்துல இருந்து நீதித்துறைய பிரிக்கணும்னு இருக்கு, அவ்வளவுதான். ஆனா யாருக்கு எந்த வேலைன்னு பிரிச்சு எழுதியிருக்குறதும், சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு 14வது பிரிவு சொல்றதும் சேந்தாலே அது வந்துடுதுன்னு இந்த தீர்ப்பு தெளிவா சொல்லுது.

சரி, அப்ப எந்த பாதி சரி? சட்டம் போட்டு தீர்ப்போட அடித்தளத்த எடுக்கலாம், அதுல தப்பே இல்ல. ஒரு நகராட்சி வரி வசூல் பண்ணுது, "இந்த வரி போட சட்டத்துல உனக்கு அதிகாரம் இல்ல"ன்னு கோர்ட்டு ரத்து பண்ணுதுன்னு வச்சுக்கோங்க. சட்டசபை அந்த சட்டத்தையே திருத்தி, முன்தேதியிட்டு அதிகாரம் குடுத்து, பழைய வசூலும் செல்லும்னு சொல்லலாம். 1969லயே சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக்கிட்ட முறை இது. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்விதான்: இந்த புது சட்டம் அன்னைக்கே இருந்திருந்தா கோர்ட்டு அதே தீர்ப்ப குடுத்திருக்குமா? குடுத்திருக்காதுன்னா சட்டம் நிக்கும். குறைய சரி பண்ணாம "அந்த தீர்ப்பு எங்கள கட்டுப்படுத்தாது"ன்னு மட்டும் எழுதியிருந்தா நிக்காது. ஆனா அந்த வரியே அடிப்படை உரிமைய மீறுதுன்னு ரத்தாகியிருந்தா, முன்தேதி போட்டாலும் சாதாரண சட்டத்தால அத தப்பிக்க வைக்க முடியாது.

அதிகாரிங்க விஷயத்துல இந்த சலுகைகூட கெடையாது. உங்க தீர்ப்ப தாண்டுறதுக்கு யாராச்சும் ஒரு சுற்றறிக்கையோ அரசாணையோ நீட்டுனா, வெறும் நிர்வாக உத்தரவால தீர்ப்ப மாத்த முடியாதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஹைகோர்ட்டு தீர்ப்புன்னா மதுரை கிளையில அவமதிப்பு மனு போடலாம், ஆனா மீறல் நடந்த ஒரு வருஷத்துக்குள்ள போட்டாகணும். வந்திருக்குறது சட்டமாவே இருந்தா அவமதிப்பு மனு சரிப்படாது, 226வது பிரிவுல ரிட் போட்டு அந்த சட்டத்தையே கேள்வி கேக்கணும். அதுக்கு பழைய தீர்ப்போட சான்றிட்ட நகலும் புது சட்டம் வந்த அரசிதழும் ரெண்டும் கையில வேணும், ஏன்னா எந்த வரி எந்த குறைய சரி பண்ணுது, எது பண்ணலன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் வாதாடணும்.