ஒரு தவணை தவறினால் மொத்தமும் தானாக வந்துவிடாது

ஏப்ரல் கடைசியில் அவிநாசிப் பக்கம் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கும் ஒருவர் என் ஆபீசுக்கு வந்தார். பல வருடமாக அவர் கணக்கை நான்தான் பார்க்கிறேன். வந்து உட்காருவதற்குள், "சார், நோட்டீஸ் அனுப்பணுங்க. மொத்தம் 5,60,000. ஒரே வாரத்துல கட்டச் சொல்லுங்க" என்றார்.

இந்த வருடம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பார்ட்டி ஒரு பனியன் கம்பெனி. முந்தின வருடம் எட்டு பில்லுக்குப் பெட்டி போயிருக்கிறது. பாக்கி 8,40,000 ரூபாய். 30 நாள் கிரெடிட் முடிந்து மாதக்கணக்கில் ஆகியும் பணம் வரவில்லை. அக்டோபரில் நேரில் போய்ப் பேசியபோது பார்ட்டி, "மாசம் 70,000, பத்தாம் தேதி போட்டுடறேன், பன்னிரண்டு மாசத்துல முடிச்சிடலாம்" என்றிருக்கிறார். இவரும் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. அதில் "பாத்துக்கலாம் அண்ணா" என்று மட்டும் கேட்கிறது.

நவம்பரும் டிசம்பரும் சரியாக வந்தன. ஜனவரித் தவணை 29ஆம் தேதிதான் வந்தது. பிப்ரவரியில் எதுவும் இல்லை. மார்ச்சில் 70,000 வந்தது. ஏப்ரலில் மறுபடி இல்லை. நான்கு தடவை வந்தது போக மீதி 5,60,000 என்பது அவர் கணக்கு. "ரெண்டு தடவை தவறிட்டாருங்க சார், பேச்சு முறிஞ்சு போச்சு. இனி முழுசாக் கேட்கலாம்ல?" என்றார்.

கேட்க முடியாது. வருகிற ஒவ்வொருவரிடமும் தொண்டை வற்ற நான் சொல்வது இதைத்தான். தவணை கொடுத்தது நம் பெருந்தன்மை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, பணம் வரவேண்டியவர் கெடுவை நீட்டிக் கொடுக்கலாம். அதற்கு அவர் பதிலுக்கு எதையும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஆகவே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இவரே பன்னிரண்டு மாதம் நீட்டித்தார். மே மாதத் தவணையை ஏப்ரலில் எப்படிக் கேட்கிறார்?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. தவறியது பிப்ரவரியும் ஏப்ரலும். அவற்றைக் கேட்கலாம். மே முதல் அக்டோபர் வரையான ஆறு தவணைக்கு இன்னும் நாளே வரவில்லை. தவறினால் மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை, அவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாத ஒன்றை அவர் மீறியதாக எப்படிச் சொல்வது?

ஜனவரி விஷயத்தையும் பாருங்கள். 19 நாள் தள்ளி வந்த பணத்தை வாங்கிக்கொண்டு இவர் வாட்ஸ்அப்பில் "நன்றி அண்ணா" என்று அனுப்பியிருக்கிறார். தேதி முக்கியமில்லை என்று இவரே நடந்து காட்டியதாக அதையும் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்டைப் பிரித்தேன். மார்ச் மாத வரவின் நரேஷனில் ஒரு பில் நம்பர் இருந்தது. பழைய எட்டு பில்லில் எதுவும் அது இல்லை. டிசம்பருக்குப் பிறகு போன புதுச் சரக்கின் பில். இவர் டேலியில் அதை எந்த பில்லிலும் கழிக்காமல் ஆன் அக்கவுண்டாக வரவு வைத்து, தவணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பல பாக்கி வைத்திருப்பவர் எந்தப் பாக்கிக்கு என்று சொல்லிப் பணம் கட்டினால், அதை வாங்கிக்கொள்பவர் அந்தப் பாக்கியில்தான் கழிக்க வேண்டும். இது அதே சட்டத்தின் 59ஆவது பிரிவு. அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டியிருந்தால்தான் 60ஆவது பிரிவின்படி நாம் விரும்பியதில் கழிக்கலாம். ஆக மார்ச்சும் தவணை இல்லை. பழைய பாக்கி 6,30,000. அன்றைய தேதியில் கேட்க முடிந்தது பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றும் சேர்த்து 2,10,000 மட்டும். அவர் முகம் வாடிப்போனது.

"எழுதிக் கேட்டா கோச்சுக்குவாருங்க சார், அடுத்த ஆர்டர் போயிடும்." இதையும் எல்லோரும் சொல்கிறார்கள். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். வாயால் சொன்னதைத் தாளில் எழுதத் தயங்கும் பார்ட்டிக்கு அடுத்த ஆர்டரைக் கடனுக்குக் கொடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? உண்மையிலேயே கட்டப்போகிறவருக்கு அந்தத் தாள் பாதுகாப்பு. கெடு முடியும்வரை நீங்கள் தொந்தரவு செய்ய மாட்டீர்கள் என்று அவர் கையிலும் எழுத்து இருக்கிறது.

ஒரு பக்கக் கடிதம் போதும். முதலில் ஒவ்வொரு பில்லின் நம்பர், தேதி, இன்றைய பாக்கி. "பழைய பாக்கி சுமார் ஆறு லட்சம்" என்று எழுதாதீர்கள். இரண்டு பேருடைய லெட்ஜரையும் பக்கத்தில் வைத்து, ரிட்டர்ன் சரக்கு, ரேட் வித்தியாசம் எல்லாம் பேசித் தீர்த்து, ஒரே தொகைக்கு வந்த பிறகே எழுதுங்கள். அந்தத் தொகை சரி, சரக்கில் குறை எதுவும் இல்லை என்று பார்ட்டி ஒப்புக்கொள்ளும் வரி அதன் கீழே வர வேண்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் "பெட்டி நனைந்து வந்தது" என்ற பேச்சு எழாமல் இருக்க இந்த வரிதான் காப்பு. கையெழுத்திட்ட இந்த ஒப்புதலுக்கு இன்னொரு பலனும் உண்டு. கிரெடிட் முடிந்த நாளிலிருந்து ஓடும் மூன்று வருடக் காலவரம்பு, அது முடிவதற்குள் ஒப்புதல் வாங்கினால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

அடுத்து தேதிகள். "மாதாமாதம்" என்று விடாமல், ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதி, எவ்வளவு என்று வரிசையாகப் போடுங்கள். இந்தத் தவணைகள் மேற்கண்ட பில்களுக்கு மட்டுமே, புதுச் சரக்கின் பணம் தனி என்று எழுதுங்கள். பழைய பில்கள் ரத்தாகவில்லை என்பதையும் சேருங்கள். இல்லையென்றால் பழைய ஒப்பந்தம் போய்ப் புதிது வந்துவிட்டது என்று வாதம் கிளம்பும்.

அப்புறம்தான் நம் முக்கிய வரி. நான் எழுதிக் கொடுப்பது இது:

"மேற்கண்ட தவணைகளில் ஏதேனும் ஒன்று அதன் தேதியிலிருந்து 7 நாட்களுக்குள் முழுமையாக எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேராவிட்டால், நாங்கள் எழுத்து மூலம் தெரிவித்தவுடன், அன்றைக்கு மீதமுள்ள முழுத் தொகையும் ஒரே தடவையில் செலுத்த வேண்டியதாகும். தாமதமாகவோ குறைவாகவோ வரும் தொகையை நாங்கள் பெற்றுக்கொள்வது இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது."

இதில் ஒவ்வொரு சொல்லும் ஒருவர் பட்ட அடியிலிருந்து வந்தது. "முழுமையாக" என்று இல்லாவிட்டால் 70,000க்கு 40,000 போட்டுவிட்டு "கட்டினேனே" என்பார். "வந்து சேராவிட்டால்" என்று இல்லாவிட்டால் "அனுப்பிட்டேன், பேங்க்ல மாட்டிக்கிச்சு" என்பார். "நாங்கள் தெரிவித்தவுடன்" என்று வைப்பதால் முடிவு உங்கள் கையில் இருக்கிறது. நியாயமான காரணம் என்றால் விட்டுப்பிடிக்கலாம்.

இது அபராதம் ஆகாதா, கோர்ட்டில் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு: ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுக்கு அடியில் இருக்கும் உதாரணங்களில் ஒன்றே இதைச் சொல்கிறது. ஆயிரம் ரூபாய்க் கடனை ஐந்து மாதத் தவணையில் கட்டுவது, ஒன்று தவறினால் மொத்தமும் உடனே கட்டுவது என்ற நிபந்தனை அபராதம் அல்ல, அப்படியே செல்லும் என்று இருக்கிறது. ஆனால் தவறினால் மூன்று வட்டி, நாலு வட்டி என்று ஏற்றி எழுதாதீர்கள். அதைத்தான் அபராதம் என்று கோர்ட் குறைக்கும். பதிலாக, சேர வேண்டிய வட்டியை முதலிலேயே கணக்கிட்டு எழுதி, எல்லாத் தவணையும் சரியாக வந்தால் தள்ளுபடி என்று போடுங்கள். தவறினால் தள்ளுபடி போய்விடும். மிரட்டலும் இல்லை, வாதமும் இல்லை.

செக் வாங்குவதாக இருந்தால் மொத்தத் தொகைக்கு ஒரே செக் வாங்கி டிராயரில் வைக்காதீர்கள். பாதி கட்டிய பிறகு முழுத் தொகைக்கு அந்தச் செக்கைப் போட்டுத் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வழக்கு நிற்காது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவணைக்கு ஒரு செக், அந்தந்தத் தவணைத் தேதி போட்டு வாங்குங்கள். திரும்பினால் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று உட்கார்ந்தால் போயே போச்சு.

கையெழுத்து முதலாளியோ பங்குதாரரோ போட வேண்டும், கம்பெனி சீலோடு. மேனேஜர் போட்டால் "அவருக்கு அதிகாரம் இல்லை" என்பார்கள். முத்திரைத்தாள் எவ்வளவுக்கு என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள் வாங்கிய பிறகும் தேதியைப் பார்க்காமல் இருந்தால் என்ன பயன்? கெடு தாண்டிய மறுநாளே இரண்டு வரிக் கடிதம் போகட்டும். மொத்தமும் கேட்கப் போகிறீர்களா, அல்லது "இந்த ஒரு தடவை மட்டும் 20ஆம் தேதி வரை தருகிறோம், மற்ற நிபந்தனைகள் அப்படியே" என்று விடுகிறீர்களா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது மட்டும் கூடாது.

அட்டைப்பெட்டிக்காரர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனார். 6,30,000, ஜூன் முதல் ஒன்பது தவணை. பனியன் கம்பெனி முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாகப் படித்துவிட்டு, "எக்ஸ்போர்ட் பணம் வர முன்னப்பின்ன ஆகும், 7 நாளைப் 10 நாளாக்குங்க" என்று மட்டும் கேட்டார். மாற்றி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, சீல் வைத்து ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். முதல் தவணை ஜூன் 10. 20ஆம் தேதி வரை வராவிட்டால் 21 காலையில் போக வேண்டிய கடிதம் இப்போதே பிரிண்ட் எடுத்து என் ஃபைலில் இருக்கிறது.