எரிகிறது, ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை

28 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாகப் பெண்ணுறுப்பின் வாயிலில் எரிச்சல். உடலுறவின்போது உயிர் போகிற வலி. இறுக்கமான ஜீன்ஸ் போட்டாலும் வலிக்கிறது. பூஞ்சைத் தொற்றாக இருக்கும் என்று மூன்று முறை கிரீம் எழுதித் தந்தார்கள். ஒருமுறைகூட அந்த இடத்தில் மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்க்கவில்லை. இது நிறையப் பேருக்கு நடக்கிறது. தொற்றே இல்லாத இடத்தில் திரும்பத் திரும்பத் தடவும் கிரீமே தோலை இன்னும் எரியவைக்கக்கூடும்.

தொற்று, தோல் நோய், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, நரம்புப் பாதிப்பு போன்ற காரணம் எதுவும் இல்லாமல், இந்த வலி குறைந்தது 3 மாதம் நீடித்தால் அதற்கு வல்வோடினியா என்று பெயர். தோல் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதனால்தான் "ஒண்ணும் இல்லையேம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க ஒரு பஞ்சுக்குச்சி போதும். மருத்துவர் முதலில் தொடையில் மெல்லத் தொடுவார், பிறகு வெளி உதடுகளில், கடைசியாக யோனி வாயிலைச் சுற்றி. அந்த வளையத்தைக் கடிகார முகமாகக் கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்பார். நம் பெண்ணுக்குத் தொடையில் 0, வெளி உதட்டில் 1. வாயிலின் கீழ்ப்பக்கம், 5 மணி, 7 மணி இடங்களில் தொட்டதுமே 8. இப்படித் தொட்டால் மட்டும் ஓரிடத்தில் வலிப்பது ஒரு வகை. சிலருக்கு யாரும் தொடாமலே முழுப் பகுதியும் எரியும்.

இங்கே என்ன நடக்கிறது? இத்தகைய பெண்கள் பலரின் யோனி வாயிலின் திசுவில், வலியை உணரும் நரம்பு நுனிகள் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்டுவடமும் மூளையும் அந்த வலிச் செய்தியைப் பெரிதாக்கவும் பழகிவிடுகின்றன. வலிக்குமோ என்ற பயத்தில் இடுப்புத்தளத் தசைகள் தானாக இறுகுகின்றன. அந்த இறுக்கம் வலியைக் கூட்டுகிறது.

ஆகவே சிகிச்சையும் பல பக்கமிருந்து நடக்கும். முதலில் வாசனை சோப்பையும் 'இன்டிமேட் வாஷ்' திரவங்களையும் நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். இறுகிய தசையைத் தளர்த்த, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை: பிரசவத்துக்குப்பின் சொல்லித்தரும், இதே தசைகளை இறுக்கிப் பழகும் கெகல் பயிற்சியை இவர்கள் தாமாகச் செய்தால், ஏற்கெனவே இறுகிய தசை மேலும் இறுகலாம். லிடோகெயின் களிம்பு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும். தடவியதும் சற்று எரியும், பிறகு அடங்கும். அமிட்ரிப்டிலைன் மாத்திரையை, மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிடக் குறைவாக, இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். நரம்பு வலியைத் தணிக்கவே அதைத் தருகிறார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், வாய் உலரும், தூக்கம் வரும். எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. வலி பயமாக மாறிய இடத்தில் மனநல ஆலோசனையும் உதவும்.

யோனி வாயிலின் திசுவை அகற்றும் அறுவை சிகிச்சை, ஓரிடத்தில் மட்டும் வலிப்பவர்களுக்கு, மற்ற வழிகள் பலிக்காதபோது மட்டுமே. உறுப்பு முழுதும் எரிபவர்களுக்கு அது பொருந்தாது. புண், வெள்ளைத் திட்டு, ரத்தக்கசிவு ஏதேனும் தெரிந்தால், ஏற்கெனவே வல்வோடினியா என்று சொல்லியிருந்தாலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.