பட்டியலின் கடைசியில் இருந்த ஜெயந்தி

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் பகுதியில் உள்ள ஒரு படிப்பகத்தில் உறுப்பினர் பட்டியலை அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்கள். கடைசி வரியில் என் பெயர் இருக்கிறது. ஆனால் கணினியில் தேடினால், அப்படி ஒருவர் இல்லை என்கிறது. மற்றவர்கள் பெயரெல்லாம் வருகிறது. இது எப்படி?"

அந்தக் கணினியை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே போன்ற ஒரு கோளாறைப் பதினைந்து பெயர்களை வைத்து உண்டாக்கிக் காட்ட முடியும்.

வரிசை இதுதான்: அமுதா, இளங்கோ, உமா, கண்ணன், குமார், சரவணன், தேவி, நளினி, பாரதி, மீனா, முருகன், யமுனா, ரகு, வள்ளி, ஜெயந்தி. தமிழ் அகராதி வழக்கப்படி ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் னகரத்துக்கும் பின்னால் வரும். அதனால்தான் ஜெயந்தி கடைசியில் நிற்கிறார்.

இதில் முருகனைத் தேடுவோம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பதினோராவது பார்வையில் கிடைப்பார். இருமத் தேடல், அதாவது பைனரி சர்ச், நேராக நடுவுக்குப் போகிறது. எட்டாவது பெயர் நளினி. முருகன் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். ஆகவே முதல் எட்டுப் பெயர்களும் ஒரே வீச்சில் கழிந்தன. மீதி ஏழில் நடுப்பெயர் யமுனா. முருகன் அதற்கு முன்னால். இப்போது மிஞ்சியவை பாரதி, மீனா, முருகன் மட்டுமே. நடுவில் மீனா, மீ-க்குப் பின் மு. நான்காவது பார்வையில் ஆள் அகப்பட்டுவிட்டார்.

ஒவ்வொரு கேள்விக்கும் பாதிப் பட்டியல் உதிர்வதால், பத்து லட்சம் பெயர்கள் இருந்தாலும் அதிகபட்சம் 20 பார்வைகள் போதும். 800 கோடிப் பெயர்களுக்கு 33.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. கழித்துக் கட்டிய பாதியைத் தேடல் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அங்கே இருக்காது என்று அது நம்புவதற்கு ஒரே ஆதாரம் வரிசை.

இனி ஜெயந்தியைத் தேடச் சொல்வோம். வேறு விதி சொல்லித் தராவிட்டால், கணினி எழுத்துகளை ஒப்பிடுவது அகராதியைப் பார்த்தல்ல. ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை தந்திருக்கும் எண்ணைப் பார்த்து. ச என்பது 2970, ஜ 2972, த 2980, ந 2984. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக, நாகரி நெடுங்கணக்கை ஒட்டி எண்களைப் பங்கிட்டதால், ஜகரம் சகரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. தமிழுக்கு ஒரு வரிசை ஏற்கெனவே இருந்ததை அன்றே கேட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

முதல் பார்வை நளினி. 2972, 2984-ஐவிடச் சிறியது. ஆகவே முன்பாதிக்குப் போ என்கிறது. கடைசி வரியில் நிற்கும் ஜெயந்தி அந்த நொடியிலேயே கழிந்துவிட்டார். அடுத்து கண்ணன்: இல்லை, பின்னால். சரவணன்: இன்னும் பின்னால். தேவி: முன்னால். சரவணனுக்கும் தேவிக்கும் இடையே எதுவும் இல்லை. "அப்படி ஒருவர் இல்லை."

இந்தக் கோளாறின் தந்திரமே, மற்ற பதினான்கு பேரும் ஒழுங்காகக் கிடைப்பதுதான். அவர்கள் வரிசை அகராதிக்கும் எண்ணுக்கும் ஒத்துப்போகிறது. சோதித்துப் பார்க்கிறவர் குமாரையும் மீனாவையும் தேடிவிட்டு, எல்லாம் சரி என்று எழுந்து போய்விடுவார்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தேடல் எந்த முறையில் ஒப்பிடுகிறதோ அதே முறையில், பட்டியலில் அடுத்தடுத்த பெயர்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டுக்கொண்டே போகவேண்டும். பதினைந்து பெயர்களுக்குப் பதினான்கு ஒப்பீடுகள். பதின்மூன்று ஜோடிகள் தேறிவிடும். வள்ளி–ஜெயந்தி ஜோடியில் முன்பின் மாறி நிற்பது தெரிந்துவிடும்.

எண் வரிசைப்படியே பட்டியலை அடுக்கினாலும் தேடல் வேலை செய்யும். அப்போது ஜெயந்தி சரவணனுக்கு அடுத்து வருவார். ஆனால் அச்சிட்டு ஒட்டினால், படிக்கிறவர்கள் அவரைக் கடைசியில் தேடிவிட்டுக் காணோம் என்பார்கள். அகராதி வரிசையையே வைத்துக்கொண்டு, ஒப்பிடும் விதியையும் அதற்கேற்ப மாற்றுவதே நல்லது. அப்படி மாற்றிய பிறகு தேடினால் பார்வை நளினி, யமுனா, வள்ளி என்று தாவி, நான்காவதாக ஜெயந்தியில் போய் நிற்கிறது.