மாமா போட்டோவில் கட்டபொம்மன், மேடையில் கொட்டாங்கச்சி

ஒரே வாரத்தில் மூன்று கட்டபொம்மன்கள். மூன்றுக்கும் தலைப்பாகைதான் தகராறு. இரண்டு பேருக்கு அது கண்ணை மறைத்தது. மூன்றாவது பையனுக்கு உச்சந்தலையில் கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்து, "எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க" என்றால் நான் என்ன செய்வேன்?

மயிலாப்பூரில் பள்ளி நாடகத்துக்கும் மாறுவேடப் போட்டிக்கும் உடை தைத்து வாடகைக்கு விடுவதுதான் என் தொழில். முன்பெல்லாம் காலண்டர் படத்தைக் கொண்டுவருவார்கள். இப்போது வீட்டில் யாராவது பெரியவர் போட்டோவை ஆப்பில் போட்டு, நான்கைந்து வேஷம் மாட்டிப் பார்த்துவிட்டு, பிடித்ததை எனக்கு அனுப்புகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. குழந்தை போட்டோவை முன்பின் தெரியாத ஆப்பில் ஏற்றுவதைவிட இது நூறு மடங்கு மேல். ஏற்றிய படம் எங்கே போய்ச் சேருகிறது, எத்தனை நாள் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பெரியவர் என்றால் யோசித்துச் சம்மதம் சொல்ல முடியும். ஐந்து வயதுப் பிள்ளையால் முடியுமா?

ஆனால் அந்தப் பெரியவரிடம் நிஜமாகவே கேளுங்கள். கொட்டாங்கச்சிப் பையனின் மாமா கட்டபொம்மனாக நிற்கும் படம், அவருக்கே தெரியாமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கடைக்கு வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றார். எந்த ஆப், யார் பார்ப்பார்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுவீர்களா என்று முதலிலேயே பேசிவிட்டால் இந்த மனக்கசப்பு வராது.

சரி, தலைப்பாகைக்கு வருவோம். கொட்டாங்கச்சிப் பையனின் அம்மா சொன்னது இதுதான்: "மாமாவுக்கு அவ்வளவு பொருத்தமா இருந்துச்சு. பையன் உயரம் அவர்ல முக்கால்வாசிகூட இல்ல, அதனால எல்லாத்தையும் அதே கணக்குல குறைச்சுத் தைக்கச் சொன்னேன்." வீட்டுப் பக்கத்து டெய்லரும் அப்படியே தைத்திருக்கிறார்.

என் பொறுமையைச் சோதிப்பது இந்த "அதே கணக்கு"தான். குழந்தை என்பது சின்னதாக்கிய பெரியவர் இல்லை. டேப் எடுத்து அங்கேயே அளந்து காட்டினேன். மாமா உயரம் 168 செ.மீ., பையன் 109. அதாவது மாமாவில் 65 சதவீதம். தோள் அகலம் 42-க்கு 27, அதுவும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆகவே அங்கி சரியாகவே இருந்தது. தலைச் சுற்றளவு? மாமாவுக்கு 57, பையனுக்கு 51. தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டது! தலையையும் 65 சதவீதத்துக்குக் குறைத்தால் 37 செ.மீ. வரும். 51 செ.மீ. தலையில் 37 செ.மீ. வளையம் எப்படி இறங்கும்?

ஐந்து வயதுக்குள் தலை பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடுகிறது. கை கால்தான் இன்னும் நீள வேண்டும். பெரியவர் உயரத்தை அவர் தலையால் அளந்தால் ஏழு, ஏழரைத் தடவை வரும். இந்த வயதுப் பிள்ளைக்கு ஐந்தரை, மிஞ்சினால் ஆறு. சந்தேகம் இருந்தால் வீட்டில் சுவரோரம் நிற்கவைத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

கண்ணை மறைத்த மற்ற இருவர் கதை இதற்கு நேர் எதிர். அவர்கள் பெரியவர் சைஸ் தலைப்பாகையையே வாங்கி உள்ளே பேப்பர் திணித்திருந்தார்கள். கையை உயர்த்தி வசனம் பேசும்போது பேப்பர் நசுங்கும், பாகை இறங்கும். அப்புறம் கட்டபொம்மன் ஒரு கையால் பாகையைப் பிடித்துக்கொண்டுதான் வெள்ளைக்காரனோடு பேச வேண்டும்.

சுற்றளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. படத்தில் மாமாவின் பாகை 20 செ.மீ. உயரம், அவர் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. தலை அளவுக்கு ஏற்ப 18 செ.மீ. என்று வைத்தால், பையன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு தலைக்கு மேலேயே நிற்கும். பார்க்கத் தூணுக்கு மேல் குடம், குனிந்தால் முன்பக்கம் சாயும். அதனால் சுற்றளவைக் குறைக்காமல் உயரத்தை மட்டும் 12 செ.மீ. ஆக்கினேன். புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி டேப் பிடித்தால் வருவது 51. லைனிங்குக்காக ஒரு செ.மீ. கூட்டி 52. பின்பக்கம் கேன்வாஸை வெட்டி ஐந்து செ.மீ. எலாஸ்டிக். ஊக்கு கூடவே கூடாது. தலையில் ஊக்கு குத்தி அழுத பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

அப்படியானால் மாமா போட்டோ எதற்குத்தான் உதவும்? நிறத்துக்கும் உருவத்துக்கும். மஞ்சள் அங்கியா, சிவப்பா? பார்த்தவுடன் ஆள் யாரென்று தெரிகிறதா? படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, போனைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் கட்டபொம்மன் என்று தெரிந்தால், கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியும். தெரியாவிட்டால் இன்னும் நாலு சரம் ஜரிகை வைத்துப் பிரயோஜனம் இல்லை, பாகையின் வடிவத்தையோ நிறத்தையோ மாற்றுங்கள். போட்டோ எடுக்கும்போது பத்தடி தள்ளி, போனை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். பக்கத்தில் நின்று முகத்துக்கு நேரே பிடித்தால் கால் குட்டையாக விழும், வேஷமே வேறு மாதிரி தெரியும்.

அளவுக்கு மட்டும் அந்தப் படத்தை நம்பாதீர்கள். ஆப் உடைக்கேற்ப உடம்பையே கொஞ்சம் மாற்றி வரைந்துவிடும். ஒரு படத்தில் இடுப்புக் கச்சை மாமாவின் கைக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. தையல், முடிச்சு, எடை எதுவும் அதில் கிடையாது. வெல்வெட் வியர்க்கும் என்பதும் அதற்குத் தெரியாது. ஆகஸ்ட் சென்னையில் ஷாமியானாவுக்குக் கீழே ஒரு மணி நேரம் தன் முறைக்குக் காத்திருக்கப்போவது குழந்தைதான். தயவுசெய்து உள்ளே பருத்தி லைனிங் கேளுங்கள்.

வாளை மாமா இடுப்பில் பார்த்த நீளத்தில் வாங்காதீர்கள். குழந்தைக்குக் கட்டினால் முனை முழங்காலோடு நிற்க வேண்டும், கீழே போனால் படியில் தடுக்கும். ஒட்டு மீசையும் வேண்டாம். அந்தச் சின்ன மேலுதட்டில் அது வாயை மூடிவிடும், பசையும் அரிக்கும். புருவப் பென்சிலால் வரைந்தால் போதும். போட்டிக்கு மூன்று நாள் முன்பாவது முழு வேஷத்தையும் போட்டு மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். தலைப்பாகை நழுவுவதும் வாள் இடிப்பதும் அதில் தெரிந்துவிடும்.

அந்த அம்மா இப்போது நவம்பர் 14-க்கு மறுபடி படம் அனுப்பியிருக்கிறார். கொண்டை வைத்த மயில், மீசையோடு. மாமா இந்த முறை சம்மதித்தாராம். படத்துக்குக் கீழே, நான் கேட்காமலே அந்த அம்மா எழுதியிருந்தார்: "தலை 51½, நானே அளந்தேன்."