குவியக் குழுவும் ஆழ்நேர்காணலும்: சொல் விளக்கம்

சென்னைக் கல்லூரிகளில் சமூகப்பணி, சமூகவியல், இதழியல் படிக்கும் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில், முறையியல் இயலைத் திறந்ததும், சிறு குழுவைப் பேசவைத்துத் தரவு திரட்டும் ‘ஃபோகஸ் குரூப்’, ஒருவரிடம் தனியே விரிவாகக் கேட்டறியும் ‘இன்-டெப்த் இன்டர்வியூ’ என்ற இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் எழுதுவோர் முதலாவதை மையக் குழு என்றும், இலக்குக் குழு என்றும், குழு விவாதம் என்றும் பலவாறு எழுதுகிறார்கள். இவற்றுள் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து, களத்தில் என்ன செய்யப்போகிறோம் என்ற புரிதலே மாறிவிடுவதால், சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘ஃபோகஸ்’ என்பது லத்தீனில் அடுப்பைக் குறித்த சொல். வானியலாளர் கெப்ளர் 1604இல் அதை ஒளியியலுக்குள் கொண்டுவந்தார். லென்ஸின் வழியாக வரும் ஒளிக்கதிர்கள் ஒன்றுகூடும் புள்ளிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. நம் பள்ளிப் பாடநூல்கள் அதைக் குவியம் என்கின்றன. சமூக ஆய்வில் அச்சொல் நுழைந்த இடம் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம். 1941 நவம்பரில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டு, தம் சக ஆய்வாளர் ராபர்ட் மெர்டனை வானொலி நிகழ்ச்சியொன்றைச் சோதிக்கும் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு சிறு குழு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே, பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அழுத்தியது. அதன் பிறகு, ஏன் அழுத்தினார்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அந்தக் கேள்விகள் கேட்கப்பட்ட விதத்தில் மெர்டன் கண்ட குறைகளிலிருந்தே புதிய முறை வளர்ந்தது. மெர்டனும் பட்ரீசியா கெண்டலும் 1946இல் அதைக் ‘குவிந்த நேர்காணல்’ என்ற பொருள்படும் பெயரில் வெளியிட்டார்கள்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, குவிவது குழு அன்று என்பதே. எல்லாரும் கேட்ட ஒரே நிகழ்ச்சியின் மீது, அதாவது எல்லாருக்கும் பொதுவான ஓர் அனுபவத்தின் மீது, பேச்சு குவிகிறது. அந்த நேர்காணலைத் தனியாளிடமும் நடத்தலாம், குழுவிடமும் நடத்தலாம் என்றே அவர்கள் கருதினார்கள். பின்னர் சந்தை ஆய்வு நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டபோது நேர்காணல் என்ற சொல் உதிர்ந்து, குழு என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 1987இல் மெர்டன் எழுதிய கட்டுரையொன்றில், தாம் செய்ததற்கும் பின்னால் பரவிய வழக்கத்துக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டினார். குழுவிலிருந்து கிடைப்பவை கருதுகோள்கள். அவை மக்களிடையே எவ்வளவு பரவியுள்ளன என்பதை எண்ணளவு ஆய்வுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் நிலை.

இதை மனத்தில் கொண்டால் தமிழ்ச் சொல்லைத் தேர்வது எளிதாகும். மையக் குழு என்றால் ஓர் அமைப்பின் முடிவெடுக்கும் உள்வட்டம் நினைவுக்கு வருகிறது. இலக்குக் குழு என்பது ஒரு திட்டமோ விளம்பரமோ யாரை நோக்கியதோ அவர்களைக் குறிக்கும் வேறொரு கருத்து. விவாதம் என்பதில் வெற்றி தோல்வி ஒட்டியிருக்கிறது; மேலும், வேலைத் தேர்வுக்கான ‘ஜி.டி.’யை நம் மாணவர்கள் குழு விவாதம் என்றே அறிவார்கள். ஆகவே குவியக் குழுக் கலந்துரையாடல் என்ற தொடரையே நான் ஏற்கிறேன். அதில் ‘கலந்து’ என்ற சொல் மிக இன்றியமையாதது. ஏனென்றால் இம்முறையில் தரவு, பங்கேற்பாளர் நமக்குத் தரும் விடையில் மட்டும் இல்லை. அவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதில் இருக்கிறது.

இரண்டாவது தொடரில் இவ்வளவு சிக்கல் இல்லை. ‘இன்டர்வியூ’ என்பதன் பிரெஞ்சு மூலம் ஒருவரையொருவர் காண்பதைக் குறித்தது. நேர்காணல் அதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஆழ்நிலை நேர்காணல் என்று எழுதுவோர் உண்டு. ஆழ்நிலை என்பது தியானத்தோடு இணைந்து மனநிலையொன்றைச் சுட்டுவதால், ஆழ்நேர்காணல் என்பது தெளிவு. இங்கே ஆழம் என்பது ஒரே ஆளின் ஒரே செய்தியை, எப்போது, எப்படி, அப்போது யார் இருந்தார்கள், அதன்பின் என்ன ஆயிற்று என்று அடுத்தடுத்த கேள்விகளால் தொடர்ந்து செல்வது. பேட்டி என்பது இதழியல் வழக்காக இருக்கட்டும்.

இனி, எதை எப்போது தேர்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கண்ணகி நகரிலிருந்து அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களிடையே இத்திட்டம் குறித்து ஒரு மாணவி ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. கட்டணம் செலுத்தாமல் பயணம் செய்வதை இப்பெண்கள் எப்படி உணர்கிறார்கள், அதைப் பற்றித் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது முதல் கேள்வி. மிச்சமான பணம் வீட்டில் எங்கே போகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குக் குவியக் குழு பொருந்தும். எல்லாருக்கும் பொதுவான அனுபவம் அது. பேருந்து நிறுத்தத்தில் ஏற்கெனவே பேசப்படுவதும்கூட. ஆறு முதல் எட்டுப் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பேசினால், பேச்சு இப்படி நகரக்கூடும். “எங்களைப் பார்த்தாலே நிறுத்தாம போயிடுறாங்க” என்று ஒருவர் தொடங்குவார். “அது காலையில மட்டும்தான்க்கா, கூட்டம் தாங்கல” என்று மற்றவர் மறுப்பார். “காசு குடுத்து ஏறினப்ப மட்டும் நிறுத்தினாங்களா?” என்று மூன்றாமவர் கேட்பார். இம்மூன்று வரிகளில், இலவசம் என்பதால்தான் அவமதிப்பா, அல்லது அது முன்பே இருந்ததா என்ற கேள்வியை, மாணவி கேட்காமலேயே பங்கேற்பாளர்கள் எழுப்பிவிட்டார்கள். தனி நேர்காணலில் முதல் வரி மட்டுமே கிடைத்திருக்கும். அதை மறுக்க அங்கே எவரும் இல்லை.

இரண்டாவது கேள்வியைக் குழுவில் கேட்டால் என்ன ஆகும்? “பிள்ளைங்க படிப்புக்குத்தான்” என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் தலையசைப்பார்கள். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாய் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்ற ஊர் எதிர்பார்ப்பை அது காட்டுகிறது. அதற்கும் ஆய்வு மதிப்பு உண்டு. ஆனால் கணவருக்குத் தெரியாமல் கட்டும் சீட்டு, வட்டிக்கு வாங்கிய கடன், தாய்வீட்டுக்குக் கொடுத்த தொகை ஆகியவை அங்கே வெளிவருவது அரிது. ஒரே குடியிருப்பில் வாழும் எட்டுப் பேரில் எவர் அதை வெளியே சொல்வார் என்பதை மாணவியால் கட்டுப்படுத்த முடியாது. ஆகையால் குழுவில் இரகசியம் காப்பதாக அவர் முழு உறுதி அளிக்கவும் கூடாது. இங்கே ஆழ்நேர்காணல் வேண்டும். போன மாதச் சம்பளம் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கி, செலவு செலவாகக் கேட்டுப் போவது நல்ல வழி.

ஆழ்நேர்காணலுக்கு நம் ஊரில் ஒரு தனித் தடை உண்டு. ஒற்றை அறை வீட்டில் அமர்ந்து பேசத் தொடங்கினால், மாமியார் வந்து உட்கார்வார், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து விடை சொல்வார். அந்த நொடியே அது தனி நேர்காணல் அன்று. பேசுபவரின் வசதியைக் கேட்டு, மதியம் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், தேவாலய வளாகத்திலோ பூங்காவிலோ சந்திப்பது பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்துவரும். மூன்றாமவர் வந்துவிட்டால் பணம் பற்றிய கேள்வியை நிறுத்திவிட்டு, அவர் வந்த நேரத்தைக் களக்குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

குவியக் குழுவில் நேரும் தவறு வேறு விதமானது. அதை, ஒலிப்பதிவை எழுத்தாக்கிய பேச்சுப்படியிலேயே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு பங்கேற்பாளரின் பேச்சுக்கு அடுத்தும் கலந்துரையாடலை நடத்துபவரின் கேள்வி வருகிறதா, அல்லது பங்கேற்பாளருக்கு அடுத்துப் பங்கேற்பாளரே பேசுகிறாரா என்று பாருங்கள். முன்னது நடந்திருந்தால், அது ஒரே நேரத்தில் நடத்தப்பட்ட எட்டுக் குறுநேர்காணல்களே. குழுவின் பயன் எதுவும் அதில் இல்லை, தனி நேர்காணலின் ஆழமும் இல்லை. சங்கத் தலைவியோ, வேலை வாங்கித் தரும் மேஸ்திரியின் மனைவியோ வட்டத்தில் இருந்தால் இப்படி ஆவது இயல்பு. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டே பேசுவார்கள். அதனால்தான் வயதிலும் வேலையிலும் அதிகாரத்திலும் ஏறத்தாழ ஒத்தவர்களை ஒரு குழுவில் சேர்க்கிறோம். இளம்பெண்களின் குரல் வேண்டுமானால் அவர்களுக்குத் தனிக் குழு அமைக்க வேண்டும்.

இன்னொரு தவறு தலையெண்ணுவது. “குழுவில் எட்டில் ஆறு பேர் ஏற்றுக்கொண்டனர்” என்று எழுதும் ஆய்வேடுகள் பல. வாய் திறக்காத இருவர் மறுத்தார்களா என்பது நமக்குத் தெரியாது. பேசிய ஆறு பேரும் ஒருவர் சொன்னதைக் கேட்டபின் பேசியவர்கள். ஆகவே பகுப்பாய்வின் அலகு குழுதான். எட்டுப் பேர் கொண்ட மூன்று குழுக்கள் நடத்தினால், உங்களிடம் இருப்பவை மூன்று கலந்துரையாடல்கள். அவற்றை 24 நேர்காணல்கள் என்று கணக்கிடக் கூடாது.

கூச்சம் தரும் பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நேர்காணலைத் தேர்வதும் சரியன்று. அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் கறுப்பின ஆண்களிடையே, பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் குழுவுக்கும் நேர்காணலுக்குமாகப் பிரித்து, கிரெக் கெஸ்டும் உடனிருந்தோரும் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. உடல்நலம் பற்றிப் பரந்துபட்ட செய்திகளைத் திரட்டுவதில் தனி நேர்காணல் முந்தியது. ஆனால் சில வகை அந்தரங்கச் செய்திகள் குழுவில்தான் கூடுதலாக வெளிப்பட்டன. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் துணிவு தருவதுண்டு. எனவே பொருள் கூச்சமானதா என்று கேட்பதைவிட, இந்த வட்டத்தில் இதைச் சொன்னால் நாளை அவருக்கு என்ன நேரும் என்று கேட்பது மேல். பேருந்தில் நேர்ந்த சீண்டலை அதே துன்பம் பட்டவர்களிடையே சொல்ல ஒரு பெண் முன்வரலாம்; கணவருக்குத் தெரியாத சீட்டை அவரே அங்கே சொல்லமாட்டார்.

காலக் கணக்கும் தேர்வைத் தீர்மானிக்கும். நேரம் மிச்சம் என்று குழுவைத் தேர்வோர், எட்டுப் பேரின் ஓய்வு நேரத்தையும் ஒன்றாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் களத்தில்தான் அறிகிறார்கள். வராதவர்களை நினைத்து ஓரிருவரைக் கூடுதலாக அழைக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம் என்றால், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் குழுப்பேச்சுக்கு அதைவிடக் கூடும். அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பேச்சின் முதல் இரண்டு சொற்களையும் பேசியவரின் எண்ணையும் வரிசையாகக் குறிக்கும் ஒரு துணையாளர் இல்லாவிட்டால், ஒலிப்பதிவில் யார் மறுத்தார், யார் ஒத்துக்கொண்டார் என்று பின்னர் பிரிக்க இயலாது. அப்படி ஒரு துணையாளர் கிடைக்காத மாணவர் நேர்காணலையே தேர்வது நல்லது.

நம் எடுத்துக்காட்டு மாணவிக்கு இரண்டும் தேவை. முதலில் இரண்டோ மூன்றோ குழுக்களை நடத்தி, அப்பெண்கள் பணத்தைப் பற்றிப் பேசும் சொற்களையும், எந்த இடத்தில் பேச்சு சட்டென்று நின்றது என்பதையும் குறித்துக்கொண்டு, அந்த இடங்களையே நேர்காணலின் கேள்விகளாக்கலாம். நேர்காணலுக்குக் குழுவில் வராத பெண்களையும் சேர்ப்பது தேவை. ஆய்வேட்டில் எழுதும்போது, எந்தக் கேள்விக்கு எந்த முறை, ஏன் என்பதைத் தனித்தனியே சொல்லி, மேற்கோள் காட்டும் ஒவ்வொரு பேச்சும் குழுவில் சொல்லப்பட்டதா தனியே சொல்லப்பட்டதா என்று குறிக்க வேண்டும். குழுவிலிருந்து எடுப்பதாயின், அந்த வரிக்கு முன்னும் பின்னும் மற்றவர்கள் பேசியதையும் சேர்த்தே தர வேண்டும்.